'கிட்னி டெஸ்ட் அப்நார்மல்' என்று மட்டும் சொன்னால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாவுக்கு 68 வயசு. நேத்து ரத்தம் எடுத்தாங்க. இன்னைக்குப் போன்ல "கிட்னி டெஸ்ட் அப்நார்மல்"னு மெசேஜ் வந்திருக்கு. வேற எதுவும் இல்ல. கிட்னி போயிடுச்சா?

இந்த ஒரு வரியை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. சமாதானம் சொல்வதற்காக "ஒண்ணும் இருக்காது" என்று நான் சொன்னாலும் அது பொய்யாகிவிடலாம். அந்த மெசேஜ் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பார்த்த பல அளவுகளில் ஒன்றாவது லேப் வைத்திருக்கும் எல்லைக்கு வெளியே இருக்கிறது. எந்த அளவு, மேலே போயிருக்கிறதா கீழே போயிருக்கிறதா, எவ்வளவு தூரம், இது புதிதா பழையதா, இந்த நான்கும் அதில் இல்லை. விஷயமே அந்த நான்கில்தான் இருக்கிறது.

இன்றைக்கு இரண்டு காரியம் செய்யுங்கள். முதலில் அம்மாவைப் பாருங்கள், ரிப்போர்ட்டை அப்புறம் பார்க்கலாம். வழக்கம் போலச் சிறுநீர் போகிறதா, மூச்சு வாங்குகிறதா, கால் முகம் வீங்கியிருக்கிறதா, வாந்தி இருக்கிறதா, பேச்சில் குழப்பம் இருக்கிறதா என்று கேளுங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால் எண்ணுக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். எதுவும் இல்லை, அவர் எப்போதும் போல இருக்கிறார் என்றால், லேபிலிருந்து முழு ரிப்போர்ட்டை வாங்குங்கள். அளவும் அலகும் எல்லையும் அச்சான தாள்தான் வேண்டும், சுருக்கச் செய்தி போதாது.

டாக்டர் பார்த்துட்டுத்தானே "அப்நார்மல்"னு போட்டிருப்பாங்க?

பெரும்பாலும் இல்லை. கருவி ஓர் எண்ணைத் தருகிறது. லேபின் கணினி அதை ஏற்கெனவே பதிந்து வைத்த மேல் எல்லை, கீழ் எல்லையோடு ஒப்பிடுகிறது. வெளியே இருந்தால் பக்கத்தில் H அல்லது L என்றோ, நட்சத்திரக் குறியோ, தடித்த எழுத்தோ தானாக விழுகிறது. ஒரு தொகுப்பில் பத்துப் பன்னிரண்டு அளவுகள் இருந்து, அதில் ஒன்றுக்குக் குறி விழுந்தாலும் செயலியிலோ மெசேஜிலோ மொத்தத் தொகுப்புக்கும் "அப்நார்மல்" என்று வந்துவிடும்.

லேபில் ஒருவர் சரிபார்த்துத்தான் முடிவை வெளியிடுவார், அது உண்மை. ஆனால் அவர் சரிபார்ப்பது மாதிரி ஒழுங்காக இருந்ததா, கருவி சரியாக ஓடியதா, எண் நம்பத்தக்கதா என்பதைத்தான். உங்கள் அம்மாவுக்குப் போன வருடம் என்ன இருந்தது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், முந்தாநாள் வயிற்றுப்போக்கு இருந்ததா என்பதெல்லாம் பெரும்பாலும் அவருக்குத் தெரியாது. அந்த எண்ணுக்கு அர்த்தம் கொடுப்பது அம்மாவைத் தெரிந்த மருத்துவரின் வேலை.

எல்லைக்கு வெளியே போனாலே நோய்தானே?

எல்லை எப்படி வந்தது என்று தெரிந்தால் இந்தப் பயம் பாதி குறையும். ஆரோக்கியமானவர்கள் பலரிடம் ரத்தம் எடுத்து அளந்து, நடுவில் வரும் 95 சதவீதத்தை எல்லைக்குள் வைக்கிறார்கள். மேலே 2.5 சதவீதமும் கீழே 2.5 சதவீதமும் வெளியே விடப்படுகின்றன. அப்படி வெளியே விடப்பட்டவர்களும் ஆரோக்கியமானவர்கள்தான். அதாவது, எந்த நோயும் இல்லாத இருபது பேரில் சராசரியாக ஒருவருக்கு அந்தக் குறி விழும். வழக்கமான எல்லைகள் பெரும்பாலும் இந்த முறையில்தான் வருகின்றன.

ஒரே ஆளுக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது அளவுகளைப் பார்த்தால், குறைந்தது ஒன்றாவது வெளியே விழும் வாய்ப்பு கணக்குப்படி 64 சதவீதம். உடலில் பல அளவுகள் சேர்ந்தே ஏறி இறங்குவதால் நடைமுறையில் இந்த எண் கொஞ்சம் மாறும். ஆனால் பெரிய "ஃபுல் பாடி செக்கப்" எடுத்த ஆரோக்கியமானவருக்குக்கூட ஒன்றிரண்டு குறி இருப்பது ஏன் என்று இதிலிருந்து புரியும்.

அதே சமயம், "அது புள்ளிவிவரம்தான், விடு" என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. மேல் எல்லை 1.2 இருக்கும்போது 1.25 வருவதும் 6.0 வருவதும் ஒரே குறியைத்தான் வாங்குகின்றன. முதலாவது ஒன்றுமில்லாமல் போகலாம். இரண்டாவதில் ஒருநாள்கூடத் தாமதிக்க முடியாது. எண்ணைக் கேட்காமல் இரண்டையும் பிரிக்க வழியே இல்லை.

கிட்னி டெஸ்ட்னா ஒரே டெஸ்ட்தானே? இதுல எதைப் பார்க்கணும்?

தொகுப்பு லேபுக்கு லேப் மாறும். பொதுவாக யூரியா, கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், குளோரைடு இருக்கும். சில இடங்களில் யூரிக் அமிலம், கால்சியம், பாஸ்பரஸ் எல்லாம் சேர்த்திருப்பார்கள். யூரிக் அமிலம் மட்டும் சற்று ஏறியிருந்தாலும் மெசேஜில் "கிட்னி டெஸ்ட் அப்நார்மல்" என்றுதான் வரும். அதற்கும் கிட்னி போவதற்கும் நேரடித் தொடர்பு இல்லை.

முதலில் கிரியாட்டினினைப் பாருங்கள். தசையில் ஓரளவு சீராக உண்டாகி, கிட்னி வழியாக வெளியேறும் கழிவு அது. கிட்னி வடிகட்டுவது குறைந்தால் ரத்தத்தில் ஏறும். யூரியா மட்டும் ஏறி, கிரியாட்டினின் அப்படியே இருந்தால் அது வேறு கதை. தண்ணீர் குறைவாகக் குடித்தது, வாந்தி, வயிற்றுப்போக்கு, புரதம் அதிகமான சாப்பாடு, ஸ்டீராய்டு மாத்திரை, சில சமயம் இரைப்பையில் ரத்தக் கசிவு ஆகியவை யூரியாவைத் தனியாக ஏற்றிவிடும். மலம் தார் போலக் கறுப்பாகப் போவதும் யூரியா மட்டும் ஏறியிருப்பதும் சேர்ந்து இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

அடுத்தது பொட்டாசியம். கிட்னி சரியாக வேலை செய்யாதபோது இதயத்துடிப்பையே குலைக்கக்கூடியது இதுதான். 6.5ஐத் தாண்டினால் பெரும்பாலான லேப்கள் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் மருத்துவருக்குப் போன் செய்துவிடும். ஆனால் ரத்தம் எடுத்த விதத்தாலேயே பொய்யாக ஏறுவதும் இதுதான். ரத்த அணுக்களுக்குள் பொட்டாசியம் மிக அதிகம். ஊசி வழியாக வேகமாக இழுத்தாலோ, குழாயை வேகமாகக் குலுக்கினாலோ அணுக்கள் உடைந்து உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். புயத்தில் பட்டையை இறுக்கிக் கட்டிக் கையை மூடித் திறக்கச் சொன்னாலும், மாதிரி பல மணி நேரம் பிரிக்கப்படாமல் கிடந்தாலும் ஏறும். அணு உடைந்திருந்தால் ரிப்போர்ட்டில் "ஹீமோலைஸ்டு" என்று குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பைத் தேடுங்கள். இருந்தால் புதிதாக ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் எண்ணை உண்மை என்றே எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் பேசுங்கள். 6.5க்கு மேல் இருந்தால் குறிப்பு இருந்தாலும் வீட்டில் காத்திருக்கக் கூடாது. மறுபரிசோதனையும் இசிஜியும் மருத்துவமனையிலேயே நடக்கட்டும்.

ரிப்போர்ட் கிடைச்சிடுச்சு. கிரியாட்டினின் 1.3, எல்லை 0.6 முதல் 1.1. இது எவ்வளவு மோசம்?

இப்போது பேச முடியும். ஆனால் இந்த 1.3க்குப் பின்னால் மூன்று வெவ்வேறு கதைகள் இருக்கலாம். மூன்றிலும் எண் ஒன்றே, வார்த்தையும் ஒன்றே.

முதல் கதை. இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டைத் தேடி எடுக்கிறீர்கள். அதில் 1.25. அப்படியானால் மாற்றமே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் கிரியாட்டினின் இயல்பாகவே சில சதவீதம் ஏறி இறங்கும். கருவியின் சிறு பிழையும் அதோடு சேரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சுமார் 15 சதவீதத்துக்குக் குறைவான வித்தியாசத்தை நிஜமான மாற்றம் என்று சொல்ல முடியாது. 1.25க்கும் 1.3க்கும் வித்தியாசம் 4 சதவீதம்தான். இதை வடிகட்டும் திறனாக மாற்றினால், அதாவது ரிப்போர்ட்டில் eGFR என்று வரும் எண், 2021இல் வெளியான சூத்திரப்படி 68 வயதுப் பெண்ணுக்கு 1.3 என்பது சுமார் 45. இரண்டு வருடம் முன்பு சுமார் 47. இது 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட கிட்னி நோய் என்று வகைப்படுத்துவார்கள். ஆகவே இங்கே பிரச்சினை இருக்கிறது, ஆனால் அது பழையது, மெதுவானது. இந்த வாரம் ஓட வேண்டியதில்லை. செய்ய வேண்டியது சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்ப்பது, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சரிபார்ப்பது, மாத்திரைகளின் அளவை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது.

இரண்டாவது கதை. ஐந்து நாளைக்கு முன் வேறொரு காரணத்துக்காக எடுத்தபோது 0.8 இருந்தது. இது அவசரம். ஏழு நாளுக்குள் ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ ஏறினால், அல்லது 48 மணி நேரத்துக்குள் 0.3 ஏறினால், திடீர் கிட்னி பாதிப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். 0.8 ஐந்து நாளில் 1.3 ஆனது ஒன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. வாந்தி, வயிற்றுப்போக்கால் உடலில் நீர் வற்றியிருக்கலாம். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் அல்லது ஐபுபுரோஃபென் போட்டிருக்கலாம். சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். கிருமித் தொற்று இருக்கலாம். காரணத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் திரும்பி வரும். அன்றைக்கே பார்க்க வேண்டும். இன்னொரு விஷயம்: இப்படி வேகமாக ஏறிக்கொண்டிருக்கும்போது ரிப்போர்ட்டில் அச்சாகும் வடிகட்டும் திறன் எண்ணை நம்பக் கூடாது. கிரியாட்டினின் ரத்தத்தில் சேர நேரம் பிடிக்கும். எண் 45 என்று காட்டும்போது உண்மையான திறன் அதைவிடக் கீழே இருக்கலாம்.

மூன்றாவது கதை. பழைய ரிப்போர்ட்டே இல்லை, முதல் தடவையாக எடுத்தது. இதுதான் பலருடைய நிலை. புதிதா பழையதா என்று தெரியாதபோது புதிது என்றே நினைத்துக்கொண்டு நடப்பதுதான் பாதுகாப்பு. உடம்பு சரியாக இருந்தாலும் சில நாட்களுக்குள், மருத்துவர் சொல்லும் இடைவெளியில், மறுபடி எடுக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மூச்சு விடலாம். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை எடுத்தால்தான் நாள்பட்டதா என்று சொல்ல முடியும்.

பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்று நான் பார்க்கும் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். மூன்று கதைகளையும் பிரித்தது அந்த ஒரு பழைய தாள்தான்.

போன வருஷம் 1.3 இருந்துச்சு. இப்ப வேற லேப்ல 115னு வந்திருக்கு! எப்படி ஒரே வருஷத்துல இவ்வளவு?

ஏறவே இல்லை. இரண்டும் ஒரே அளவு. முதல் தாளில் mg/dL என்றும் இரண்டாவது தாளில் µmol/L என்றும் அச்சாகியிருக்கும், பாருங்கள். முதலாவது, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்று சொல்கிறது. இரண்டாவது, ஒரு லிட்டரில் எத்தனை மைக்ரோமோல் என்று சொல்கிறது. கிரியாட்டினினுக்கு ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக 88.4ஆல் பெருக்க வேண்டும். 1.3ஐப் பெருக்கினால் 114.9.

சில நாடுகளில் ஒரு முறையும் சில நாடுகளில் மற்ற முறையும் வழக்கம். பிள்ளைகள் ஓர் ஊரிலும் பெற்றோர் இன்னோர் ஊரிலும் இருந்து போனில் எண்ணை மட்டும் சொல்லிக்கொள்ளும் குடும்பங்களில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். எண்ணைச் சொல்லும்போது அலகையும் சேர்த்துச் சொல்வதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கிரியாட்டினினில் வித்தியாசம் பெரிது என்பதால் கண்டுபிடித்துவிடலாம். யூரியாவில் அப்படியல்ல, ஏமாந்துவிடுவோம்.

யூரியாவுல அப்படி என்ன ஏமாற்றம்?

சில லேப்கள் யூரியாவை அப்படியே தருகின்றன. சில லேப்கள் யூரியாவில் இருக்கும் நைட்ரஜனை மட்டும் தருகின்றன. ரிப்போர்ட்டில் அது BUN என்று இருக்கும். அலகு இரண்டுக்கும் mg/dL தான். அலகு ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். நைட்ரஜன் கணக்கை 2.14ஆல் பெருக்கினால்தான் யூரியா கணக்கு வரும். போன முறை BUN 18 என்று இருந்து, இந்த முறை யூரியா 39 என்று வந்தால், பார்ப்பவருக்கு இரண்டு மடங்கு ஏறியது போலத் தெரியும். உண்மையில் அசையவே இல்லை. 18ஐ 2.14ஆல் பெருக்கினால் 38.5.

ஆகவே யூரியாவில் அலகு மட்டும் பார்த்தால் போதாது, பெயரையும் எல்லையையும் பார்க்க வேண்டும். மேல் எல்லை 20ஐ ஒட்டி இருந்தால் அது பெரும்பாலும் நைட்ரஜன் கணக்கு, 40ஐ ஒட்டி இருந்தால் யூரியா கணக்கு.

பொட்டாசியம், சோடியத்தில் இந்தத் தொல்லை இல்லை. mmol/L என்று இருந்தாலும் mEq/L என்று இருந்தாலும் எண் ஒன்றுதான்.

"எல்லாம் நார்மல்"னு வந்தா எண்ணைப் பார்க்கவே வேண்டாம் இல்லையா?

பார்க்க வேண்டும். "நார்மல்" என்ற ஒற்றை வார்த்தையும் இதே அளவுக்கு ஏமாற்றும், அதைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதுதான் எனக்கு அதிக வருத்தம்.

ஆண் பெண் எல்லோருக்கும் 0.6 முதல் 1.2 என்று ஒரே எல்லை வைத்திருக்கும் லேபை எடுத்துக்கொள்ளுங்கள். 25 வயது இளைஞருக்கு 1.2 வருகிறது. 68 வயது அம்மாவுக்கும் 1.2 வருகிறது. இருவருக்கும் எந்தக் குறியும் விழாது. அதே 2021 சூத்திரத்தில் போட்டால் இளைஞரின் வடிகட்டும் திறன் சுமார் 86, அம்மாவுக்குச் சுமார் 49. வயதானவர்களுக்குத் தசை குறைவு, அதனால் கிரியாட்டினின் உண்டாவதும் குறைவு. குறைவாக உண்டாகியும் 1.2 வரை சேர்ந்திருக்கிறது என்றால், கிட்னி மெதுவாக வடிகட்டுகிறது என்று அர்த்தம். மெலிந்து போனவர்கள், நீண்ட நாள் படுக்கையில் இருப்பவர்கள் விஷயத்தில் இது இன்னும் மோசமாக ஏமாற்றும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. உடற்பயிற்சிக்கூடத்தில் தசை ஏற்றிய இளைஞருக்கு 1.35 வந்து "அப்நார்மல்" என்று குறி விழுந்திருக்கும். கிட்னி நன்றாகவே இருக்கலாம். அப்படிச் சந்தேகம் வரும்போது சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு பரிசோதனை இருக்கிறது. தசையின் அளவு அதை அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையும் தைராய்டு கோளாறும் பாதிக்கும். ஆகவே அதையும் தனியாக வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கிட்னி நல்லா இருந்தும் கிரியாட்டினின் ஏறுமா? மறுபடி எடுக்குறதுக்கு முன்னாடி என்ன கவனிக்கணும்?

ஏறும். முந்தின இரவு நிறைய இறைச்சி சாப்பிட்டால் சில மணி நேரத்துக்கு ஏறும், சமைத்த இறைச்சியிலேயே கிரியாட்டினின் இருக்கிறது. கடுமையான உடற்பயிற்சி, தசை ஏற்றக் குடிக்கும் கிரியாட்டின் பொடி இரண்டும் ஏற்றும். டிரைமெத்தோபிரிம் கலந்த நுண்ணுயிர் எதிர்ப்பு மாத்திரையும் வயிற்று அமிலத்துக்குக் கொடுக்கும் சிமெடிடினும் கிட்னி கிரியாட்டினினைச் சிறுநீரில் தள்ளும் ஒரு வழியை மறிக்கின்றன. அதனால் வடிகட்டும் திறன் குறையாமலே எண் சற்று ஏறும். டிரைமெத்தோபிரிம் பொட்டாசியத்தையும் நிஜமாகவே ஏற்றக்கூடியது என்பதால், அதைச் சாப்பிடுபவருக்குப் பொட்டாசியத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பழைய ஜாஃபே முறையில் அளக்கும் லேபில், கீட்டோன் அதிகம் இருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் சில நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து போகும்போதும் பொய்யாக ஏறலாம். என்சைம் முறையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. எந்த முறை என்று பல ரிப்போர்ட்களில் அளவின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும்.

மறுபடி எடுப்பதாக இருந்தால் முந்தின நாள் இறைச்சியையும் கடும் பயிற்சியையும் தவிருங்கள், எப்போதும் குடிக்கும் அளவு தண்ணீர் குடியுங்கள். எண்ணைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்று குடம் குடமாகக் குடிக்க வேண்டாம், இதய நோய் இருப்பவருக்கு அது ஆபத்து. முடிந்தால் அதே லேபில் எடுங்கள். வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடுவதை அதுவரை நிறுத்திவையுங்கள். ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்த ரத்த அழுத்த மாத்திரையையோ சர்க்கரை மாத்திரையையோ நீங்களாக நிறுத்தக் கூடாது. நிறுத்த வேண்டுமா என்று போன் செய்து கேளுங்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி நேரத்தில் சில மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள், அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

லேபுக்குப் போன் பண்ணினா "டாக்டர்ட்ட கேளுங்க"ன்றாங்க. டாக்டர் நாலு நாள் கழிச்சுத்தான். நடுவுல என்ன பண்றது?

போனை எடுப்பவர் அர்த்தம் சொல்ல மறுப்பது சரிதான், அவருக்கு அந்த உரிமை இல்லை. அதனால் அர்த்தத்தைக் கேட்காதீர்கள். "முழு ரிப்போர்ட்டை அனுப்புங்கள், அளவு, அலகு, எல்லை, குறிப்புகளோடு" என்று கேளுங்கள். அது உங்களுக்கு உரிய தாள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். "இதில் உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டிய அளவு எதுவும் இருந்ததா, தெரிவித்தீர்களா?" என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு லேபிலேயே பதில் இருக்கும்.

ரிப்போர்ட் வந்ததும் பொட்டாசியம் 6க்கு மேல் இருந்தாலோ, கிரியாட்டினின் பழையதைவிட ஒன்றரை மடங்கு ஆகியிருந்தாலோ நான்கு நாள் காத்திருக்காதீர்கள். அந்த மருத்துவர் கிடைக்காவிட்டால் வேறு மருத்துவர், அல்லது அவசரப் பிரிவு.

வேற டாக்டர்ட்டயோ தெரிஞ்சவங்ககிட்டயோ கேக்கும்போது எப்படிக் கேக்கணும்?

"அம்மாவுக்குக் கிட்னி அப்நார்மல், என்ன பண்ணலாம்" என்று கேட்டால், பொறுப்புள்ளவர் திரும்பக் கேள்விதான் கேட்பார். பொறுப்பில்லாதவர் உடனே பதில் சொல்வார். முதலிலேயே இப்படி எழுதி அனுப்பினால் ஒரே தடவையில் பயனுள்ள பதில் கிடைக்கும்:

"பெண், 68 வயது, எடை 52 கிலோ. ரத்த அழுத்தம் பத்து வருடமாக, டெல்மிசார்டான் 40 மில்லிகிராம் தினம் ஒன்று. சர்க்கரை இல்லை. நேற்று காலை எடுத்தது: கிரியாட்டினின் 1.3 mg/dL (எல்லை 0.6–1.1), யூரியா 52 mg/dL (எல்லை 15–40), பொட்டாசியம் 4.9 mmol/L (எல்லை 3.5–5.1). ஹீமோலைஸ்டு என்ற குறிப்பு இல்லை. எட்டு மாதம் முன்பு கிரியாட்டினின் 0.9 mg/dL, வேறு லேப். போன வாரம் மூன்று நாள் வயிற்றுப்போக்கு இருந்தது. முழங்கால் வலிக்கு ஐபுபுரோஃபென் நான்கு நாள் சாப்பிட்டார். சிறுநீர் வழக்கத்தைவிடக் குறைவு, வீக்கம் இல்லை, மூச்சுத்திணறல் இல்லை."

இதைப் படிக்கும் எந்த மருத்துவருக்கும் ஒரே நிமிடத்தில் படம் தெரிந்துவிடும். நீர் வற்றியிருக்கிறது, அதற்கு மேல் வலி மாத்திரை, கூடவே டெல்மிசார்டான். மூன்றும் சேர்ந்து கிட்னிக்குள் ரத்தம் பாயும் அழுத்தத்தைக் குறைக்கும், அது நன்றாகத் தெரிந்த ஒரு சேர்க்கை. சிறுநீரும் குறைந்திருப்பதால் இன்றைக்கே வரச் சொல்வார். வலி மாத்திரையை நிறுத்தச் சொல்வார், டெல்மிசார்டானைச் சில நாள் நிறுத்துவதா என்று முடிவெடுப்பார், நீரைச் சரிசெய்து ஓரிரு நாளில் மறுபடி எடுப்பார். இத்தனையும் "அப்நார்மல்" என்ற வார்த்தைக்குள் எங்கேயும் இல்லை, பாருங்கள்.

படமாக அனுப்பினால் தாளின் முழுப் பக்கமும் தெரியட்டும். குறி விழுந்த வரியை மட்டும் வெட்டி அனுப்புகிறார்கள், அப்போது அலகும் எல்லையும் தேதியும் போய்விடுகின்றன. பொதுவில் போடுவதாக இருந்தால் பெயர், பதிவு எண், போன் எண்ணை மறைத்துவிடுங்கள். வயதையும் பாலினத்தையும் மறைக்காதீர்கள், அவை இல்லாமல் கிரியாட்டினினுக்கு அர்த்தம் சொல்ல முடியாது.

ஸ்கேன்லயும் "அப்நார்மல்"னு வரும். அதுல எண்ணே இருக்காதே?

அங்கே எண்ணுக்குப் பதில் வாக்கியம் இருக்கும். கிட்னி ஸ்கேன் என்றால் இரண்டு கிட்னியின் நீளம், உள்ளே வீக்கம் இருக்கிறதா, கல், நீர்க்கட்டி, சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு மிச்சம் என்று எழுதியிருப்பார்கள். "சாதாரண நீர்க்கட்டி" என்று வந்தாலும் சில இடங்களில் அப்நார்மல் என்று தலைப்பில் விழும். வயதானவர்களிடம் அது சர்வசாதாரணம், பெரும்பாலும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. முடிவுரையை மட்டுமல்ல, விவரப் பகுதியையும் சேர்த்துக் காட்டுங்கள்.

ரத்தத்துல பார்த்தாச்சு. சிறுநீர் டெஸ்ட் வேற எதுக்கு?

கிரியாட்டினின், கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்கிறது. வடிகட்டி ஓட்டையாகியிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்வது சிறுநீரில் கசியும் ஆல்புமின். சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்பதால் அளவு தவறாகாமல் இருக்க, அதே சிறுநீரில் இருக்கும் கிரியாட்டினினால் வகுத்துத் தருவார்கள். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே ஆல்புமின் இருந்தால் கவலையில்லை. 30 முதல் 300 வரை கசிவு, 300க்கு மேல் அதிகக் கசிவு. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் பயிற்சி இருந்தால் தற்காலிகமாக ஏறும். அதனால் ஒருமுறை ஏறியிருந்தால் உடம்பு சரியாக இருக்கும் நாளில், முடிந்தால் காலை முதல் சிறுநீரில், மறுபடி பார்ப்பார்கள்.

வடிகட்டும் திறன் 45 என்று வந்த 68 வயது அம்மா இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஆல்புமின் 10, இன்னொருவருக்கு 400. முதலாமவருக்கு வருடத்தில் சில முறை கண்காணித்தாலே பெரும்பாலும் போதும். இரண்டாமவருக்கு இப்போதே சிகிச்சை வேண்டும், கசிவைக் குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. மருத்துவர் ரத்தத்தை மட்டும் பார்த்திருந்தால், "சிறுநீரில் ஆல்புமின் பார்க்க வேண்டுமா?" என்று நீங்களே கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.